இரவல் வாங்கிய இலக்கம்: கூட்டத்துக்கு வந்தவர்களின் தொலைபேசி எண்ணை எதற்குக் கேட்கிறோம், எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

மட்டக்களப்பில் எந்த மண்டபத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் வாசலில் ஒரு மேசை இருக்கும். மேசையில் கோடு போட்ட ஒரு தாள், நூலில் கட்டிய ஒரு பேனை. பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கையொப்பம் என்று ஐந்து நிரல்கள். வருகிறவர்கள் குனிந்து எழுதிவிட்டு உள்ளே போகிறார்கள். எதற்கு என்று அவர்களும் கேட்பதில்லை, மேசையில் இருப்பவரும் சொல்வதில்லை.

அந்த மேசையில் நானும் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். ஒரு நாள் மாலை பஸ்நிலையத்துக்குப் பக்கத்தில் கச்சான் வாங்கினேன். சாப்பிட்டு முடித்துச் சுருளைப் பிரித்தபோது, உள்ளே ஒரு வரவு இடாப்பின் பாதித் தாள். ஏதோ ஒரு சங்கத்தின் பெண்கள் கூட்டம். பதினொரு பேரின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், எல்லாம் தெளிவாக வாசிக்க முடிந்தது. அந்தச் சங்கம் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அலுமாரி நிறைந்ததும் பழைய தாள்களை யாரோ எடையில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதினொரு பேரும் கச்சான் கடைக்கென்று தங்கள் இலக்கத்தை எழுதவில்லை.

இந்த விடயம் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் ஓடுகின்றன. ஒன்று, "அவங்களே எழுதித் தந்ததுதானே, பிறகென்ன சம்மதம்?" என்பது. மற்றது, புதிய சட்டம் வந்ததைக் கேள்விப்பட்டவர்கள் சொல்வது: "இனி யாருக்கும் ஒரு கோல் எடுக்கவும் கடிதம் வேணும்." இரண்டும் பிழை. எங்கே பிழை என்று பார்க்க, முதலில் தொலைபேசியை மறந்துவிட்டு ஒரு மண்வெட்டியை எடுப்போம்.

## இரவல் மண்வெட்டி

பக்கத்து வீட்டில் போய் மண்வெட்டி இரவல் கேட்கிறீர்கள். "வாசல் வாய்க்காலை வெட்டிவிட்டுத் தாறன் அண்ணா." அவர் தருகிறார். அவர் தந்தது மண்வெட்டியை மட்டும் அல்ல, வாய்க்கால் வெட்டுவதற்கான அனுமதியையும் சேர்த்துத்தான்.

இதில் மூன்று விடயங்கள் சொல்லாமலே அடங்கியிருக்கின்றன. எதற்கு என்று சொல்லித்தான் வாங்கினீர்கள். அதை மூன்றாம் ஆளுக்குக் கைமாற்றக் கூடாது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாலைக்குள் வாய்க்கால் வேலை முடிந்துவிட்டால் அன்றைக்கே கொடுப்பதுதான் ஒழுங்கு. "பிறகு ஒரு நாள் தேவைப்படும்" என்று ஆறு மாதம் உங்கள் கொட்டிலில் வைத்திருந்தால் அதற்குப் பெயர் இரவல் இல்லை.

தொலைபேசி இலக்கமும் இப்படித்தான். ஒருவர் உங்கள் தாளில் இலக்கத்தை எழுதும்போது அவர் மனதில் ஒரு காரியம் இருக்கிறது: கூட்டம் தள்ளிப்போனால் சொல்வார்கள், சான்றிதழ் வந்தால் கூப்பிடுவார்கள். அந்தக் காரியத்துக்குத்தான் அது இரவல்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மண்வெட்டி ஒன்றுதான், திருப்பிக் கொடுத்தால் உங்களிடம் இருக்காது. இலக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அது தாளில் இருக்கும், தாளைப் படம் எடுத்த கைத்தொலைபேசியில் இருக்கும், எக்செல் கோப்பில் இருக்கும். ஆகவே இலக்கத்தைப் பொறுத்தவரை திருப்பிக் கொடுப்பது என்றால் எல்லாப் பிரதிகளையும் அழிப்பது.

இதுவரை சொன்னதன் சுருக்கம் இது. எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதும் என்ன சம்மதம் வேண்டும் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள் இல்லை. இரண்டும் எதற்கு வாங்கினோம் என்ற ஒரே கேள்வியில்தான் தொங்குகின்றன. அந்த "எதற்கு" என்பதைத்தான் சட்டம் நோக்கம் என்று சொல்கிறது.

## சட்டம் என்ன சொல்கிறது

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது ஒரே நாளில் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை, பகுதி பகுதியாகக் கொண்டுவரப்படுகிறது. தனிப்பட்ட தரவு என்று அது சொல்வது, ஒருவரை நேராகவோ சுற்றிவளைத்தோ அடையாளம் காணக்கூடிய எந்தத் தகவலையும். வீட்டுத் தேவைக்காக நீங்கள் உங்கள் போனில் வைத்திருக்கும் சொந்தக்காரர் இலக்கங்கள் இதற்குள் வராது. சங்கம், மன்றம், பயிற்சி நிலையம் என்று கூட்டம் நடத்துகிறவர்களுக்கு அந்த விலக்கு இல்லை.

எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்று சட்டத்தில் தேடினால் எண் எதுவும் கிடைக்காது. நோக்கத்துக்குத் தேவையான காலம் மட்டும் என்றுதான் இருக்கிறது. இதை ஒரு குறையாகச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. தேநீருக்கு ஆள் கணக்கெடுக்கவும் ஒரு வருடப் பயிற்சித் தொடருக்கும் ஒரே எண்ணைச் சட்டம் எப்படிச் சொல்லும்? அந்த எண்ணை நாம்தான் யோசித்து எழுத வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சம்மதம் வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. தரவைப் பாவிப்பதற்கு அது ஏற்கும் காரணங்கள் பல, சம்மதம் அதில் ஒன்று. பயிற்சிக்குப் பதிந்த ஒருவருக்கு "மண்டபம் மாறிவிட்டது" என்று கூப்பிட்டுச் சொல்ல அவரிடம் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை, அதற்குத்தானே அவர் பதிந்தார். ஆனால் அடுத்த மாதம் வேறொரு பயிற்சியை விளம்பரப்படுத்திச் செய்தி அனுப்பப் போகிறீர்கள் என்றால் அது வேறு காரியம். அதற்குச் சம்மதம் வேண்டும். எப்படி நிறுத்துவது என்பதையும் இலக்கம் வாங்கும்போதும், அனுப்புகிற ஒவ்வொரு செய்தியிலும் சொல்ல வேண்டும். நிறுத்துவதற்குச் செலவு எதுவும் இருக்கக் கூடாது.

## சம்மதம் என்பது எது, எது இல்லை

மௌனம் சம்மதம் என்பது கலியாணப் பேச்சுக்குச் சரி. இங்கே சரிவராது. சம்மதம் என்றால், என்ன காரியம் என்று தெரிந்து, வற்புறுத்தல் இல்லாமல், அந்தக் காரியத்துக்கென்று தனியாக, தானே ஒரு செயலால் ஆம் என்று காட்டுவது. எழுத்தில் கொடுக்கலாம், பெட்டியில் கோடு போடலாம். நாமே முன்கூட்டி அடையாளம் இட்டு வைத்த பெட்டியை அவர் அழிக்காமல் விட்டார் என்பது சம்மதம் இல்லை. வரவு இடாப்பில் இட்ட கையொப்பமும் "நான் வந்தேன்" என்பதற்கு மட்டுந்தான்.

இந்த வரைவிலக்கணத்தில் "வற்புறுத்தல் இல்லாமல்" என்ற சொல்லிடம் நம் கரையில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் எத்தனை பட்டியல் எழுதப்பட்டது என்று அந்த நாட்களில் முகாம்களில் இருந்தவர்களுக்குத் தெரியும். பெயர் விடுபட்டால் நிவாரணம் விடுபடும். பிறகு வந்த வெள்ளங்களிலும் அதே கதைதான். அதனால் கல்முனையிலோ திருக்கோவிலிலோ வாகரையிலோ ஒரு தாளை நீட்டினால் மக்கள் எழுதிவிடுவார்கள். "எழுதிவைப்பம், என்னவும் கிடைக்கும்" என்ற நினைப்பு. மேசைக்குப் பின்னால் இருக்கும் நமக்கு அது சம்மதம் மாதிரித் தெரிகிறது. எழுதுகிறவருக்கோ அது உதவி விடுபட்டுவிடுமோ என்ற பயம்.

ஆகவே ஒரு வசனத்தை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும்: "நம்பர் தராட்டியும் உள்ளுக்குப் போகலாம், சாப்பாடும் சான்றிதழும் ஒண்டும் குறையாது." இதைச் சொன்ன பிறகும் எழுதினால்தான் அது சம்மதம். முதல் முறை இதைச் சொல்லிப் பார்த்தபோது சிலர் எழுதிய பேனையைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய பாடமாக இருந்தது.

இன்னொன்று, அந்த இலக்கம் யாருடையது? நம் வீடுகளில் போன் பெரும்பாலும் ஆளுக்கொன்றாக இருப்பதில்லை. ஒரு முறை ஒரு அக்கா எழுதிய இலக்கத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"அக்கா, இது உங்கட கையில இருக்கிற போனா?"

"இல்ல தம்பி, மகன்ட. அவன் கட்டாருக்குப் போய்ட்டான், போன் இப்ப மருமகளிட்ட."

அவருக்கு அனுப்பும் செய்தியை முதலில் வாசிக்கப் போவது மருமகள். வீட்டுத்தோட்டப் பயிற்சி என்றால் பாதகமில்லை. கடன் பிரச்சினை பற்றிய ஆலோசனையோ, குடும்ப வன்முறை பற்றிய கூட்டமோ என்றால்? "நீங்கள் செவ்வாய்க்கிழமை வர வேண்டிய ஆலோசனை" என்ற ஒரு வரி ஒரு வீட்டில் சண்டையை மூட்டிவிடும். அப்படியான கூட்டங்களுக்கு, "வேறு ஆள் எடுத்தால் எங்கிருந்து பேசுவதாகச் சொல்லட்டும்?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சம்மதம் தருகிறவரும் போனை எடுக்கிறவரும் ஒரே ஆள் என்று நாமாக முடிவெடுக்கக் கூடாது.

சுருக்கமாக: பதிந்த காரியத்துக்குக் கூப்பிடத் தனிச் சம்மதம் தேவையில்லை. வேறு காரியத்துக்குத் தேவை. அது மறுக்கக்கூடியதாக இருந்தால்தான் சம்மதம்.

## அடையாள அட்டை இலக்கம் பேசும்

தொலைபேசிக்கு வர முன், பக்கத்து நிரலையும் ஒரு தரம் பார்த்துவிடுவோம். அடையாள அட்டை இலக்கத்தை ஏன் கேட்கிறோம் என்று கேட்டால் "வழமை" என்பதுதான் பதில். அந்த இலக்கம் வெறும் எண் இல்லை. புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஒரு இலக்கம் 1992532 என்று தொடங்கினால், 532 இல் 500 போக 32, அதாவது ஆண்டின் 32 ஆவது நாள். 1992 பெப்ரவரி 1 இல் பிறந்த ஒரு பெண். வயதைச் சொல்ல விரும்பாதவர் அதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார், தெரியாமலே.

பிரயாணப்படி கொடுத்துப் பற்றுச்சீட்டு எழுதுவது போன்ற காரியத்துக்கு அந்த இலக்கம் தேவைப்படலாம். அப்போது அந்தப் பற்றுச்சீட்டில் மட்டும் எழுதுங்கள். வாசல் தாளில் அந்த நிரலை வெட்டிவிடலாம். வாங்காத தரவை எத்தனை நாள் வைத்திருப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

## ஒரு பயிற்சியை எடுத்துப் பார்ப்போம்

கல்லடியில் ஒரு மண்டபத்தில், ஒக்டோபர் 11 ஞாயிற்றுக்கிழமை, ஒரு நாள் வீட்டுத்தோட்டப் பயிற்சி நடத்துகிறோம் என்று வையுங்கள். மாரி மழைக்கு முன்னால் விதை போட வேண்டும் என்பதால் அந்த நாள். 60 பேர், பாதிப் பேர் படுவான்கரையிலிருந்து வருகிறார்கள். நிதி ஒரு வெளி அமைப்பினுடையது.

தொலைபேசி இலக்கம் எதற்கெல்லாம் தேவை என்று குழுவில் இருப்பவர்களைக் கேட்டால், ஐந்து காரியங்கள் வரும். மழை வந்து நாள் மாறினால் சொல்ல. சான்றிதழ் அடித்து வந்ததும் கூப்பிட. மூன்று மாதத்துக்குப் பிறகு தோட்டங்களைப் போய்ப் பார்க்க. அடுத்த பயிற்சிகளை அறிவிக்க. நிதி தந்தவர்களுக்கு அறிக்கை கொடுக்க.

ஐந்தையும் ஒரே தாளில் போட்டதுதான் நாம் காலங்காலமாகச் செய்த பிழை. ஒன்றுக்கு முடிவு நாள் அடுத்த கிழமை, இன்னொன்றுக்குச் சில வருடங்கள். ஒரே தாளில் இருந்தால் எல்லாவற்றிலும் நீண்ட காலந்தான் வெல்லும், இலக்கங்கள் அத்தனை வருடமும் அலுமாரியில் கிடக்கும்.

நிதி அறிக்கையை முதலில் பிரித்தெடுங்கள். அவர்களுக்குத் தேவை எத்தனை பேர் வந்தார்கள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, வந்ததற்குச் சான்று என்ன என்பது. பெயர், ஊர், கையொப்பம் உள்ள தாள் ஒன்று அதற்குப் போதும். அது கணக்காய்வுக் கோப்பில் உடன்படிக்கை சொல்லும் காலம்வரை இருக்கட்டும். சில நிதியாளர்கள் நாலைந்து பேரைத் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதிப்படுத்துவார்கள். உடன்படிக்கையில் அப்படி இருந்தால், "நிதி தந்தவர்கள் உங்களைக் கூப்பிட்டு விசாரிக்கலாம்" என்று வருகிறவர்களிடம் முன்பே சொல்ல வேண்டும். அப்படி ஒரு வரி இல்லையென்றால் இலக்கங்களை அனுப்பாதீர்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று முழுப் பட்டியலையும் மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவதுதான் இரவல் மண்வெட்டியை மூன்றாம் ஆளுக்குக் கொடுப்பது.

மிச்ச நான்கு காரியங்களுக்கும் இலக்கம் வேண்டும். அதற்குத் தாள் வேண்டாம், துண்டுகள் வைப்போம். ஒரு ஏ4 தாளை நாலாக வெட்டினால் ஆளுக்கு ஒரு துண்டு, 60 பேருக்கு 15 தாள். பொதுத் தாளில் இருபதாவதாக எழுதுகிறவர் மேலே உள்ள பத்தொன்பது பேரின் இலக்கத்தையும் பார்க்கிறார். வரிசையில் நிற்கும் ஒருவர் போனால் ஒரு படம் எடுத்துவிட்டால் போதும். இளம்பெண்களுக்குத் தெரியாத இலக்கங்களிலிருந்து இரவில் செய்தி வரத் தொடங்குவதற்கு இது ஒரு வழி. துண்டில் அந்த ஆபத்து இல்லை, எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்.

துண்டில் இப்படி இருக்கும்:

> பெயர்: ............ தொலைபேசி: ............
>
> இந்த இலக்கத்தை நாள் மாற்றம், சான்றிதழ், ஜனவரியில் தோட்டம் பார்க்க வருவது ஆகியவற்றுக்கு மட்டும் பாவிப்போம். ஜனவரி 31 இல் அழித்துவிடுவோம்.
>
> ☐ அடுத்த பயிற்சிகள் பற்றி அடுத்த ஆண்டு ஒக்டோபர் 31 வரை எனக்குச் செய்தி அனுப்பலாம். நிறுத்த வேண்டுமானால் "வேண்டாம்" என்று சொன்னால் போதும்.
>
> ☐ பயிற்சிக்கு வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்க்கலாம். குழுவில் உள்ள எல்லாருக்கும் என் இலக்கம் தெரியும் என்று அறிவேன்.
>
> பெட்டிகளில் அடையாளம் இடாவிட்டாலும் பயிற்சியில் முழுதாகக் கலந்துகொள்ளலாம்.

எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இதை அப்படியே வாசித்துச் சொல்லி, அவர்கள் சொன்ன பதிலை நாம் அடையாளமிட வேண்டும். அப்படிச் செய்த துண்டின் மூலையில் "வாசித்துச் சொன்னது" என்று எழுதி, வாசித்தவர் சுருக்கொப்பம் இட்டால் பிறகு கேள்வி வந்தால் பதில் இருக்கும். துண்டில் எங்கள் சங்கத்தின் பெயரும், நிறுத்தச் சொல்லக் கூப்பிட வேண்டிய இலக்கமும் அச்சில் இருக்க வேண்டும். சிறுவர்கள் வரும் நிகழ்ச்சி என்றால் துண்டை நிரப்ப வேண்டியது பெற்றோர் அல்லது பாதுகாவலர், பிள்ளை அல்ல.

## நாட்களை எப்படிக் கணக்கிட்டோம்

வைத்திருக்கும் காலம் என்பது ஒரு காரியம் முடியும் நாளும், அதில் வரக்கூடிய சிறு திருத்தங்களுக்குக் கொஞ்ச அவகாசமும். அவ்வளவுதான். அது இலக்கத்தைப் பெற்ற நாளிலிருந்து எண்ணுவது இல்லை, காரியம் முடியும் நாளிலிருந்து எண்ணுவது. இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

நாள் மாற்றம் சொல்லும் காரியம் ஒக்டோபர் 11 மாலையோடு முடிகிறது. சான்றிதழ் இரண்டு கிழமையில் வரும், பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்த இன்னும் மூன்று கிழமை, ஆக நவம்பர் நடுப்பகுதி. தோட்டம் பார்க்கப் போவது ஜனவரி 11 அளவில். அந்த நாட்களில் மழை பிடித்தால் படுவான்கரைப் பக்கம் போக முடியாமல் தள்ளிப்போகும் என்பது இங்கு எல்லாருக்கும் தெரியும். அதனால் ஜனவரி 31 என்று வைத்தோம். தோட்டம் பார்க்கும் திட்டம் இல்லாத பயிற்சி என்றால் நவம்பர் நடுப்பகுதியிலேயே அழித்துவிட வேண்டியதுதான்.

அடுத்த பயிற்சி அறிவித்தலுக்கு ஏறத்தாழ ஒரு வருடம். ஏன் இரண்டு இல்லை, ஐந்து இல்லை? நம் பக்கத்தில் ஆட்கள் சிம் மாற்றுகிறார்கள், வெளிநாடு போகிறார்கள். கைவிட்ட இலக்கத்தை நிறுவனம் சில காலத்துக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். மூன்று வருடப் பழைய பட்டியலுக்குச் செய்தி அனுப்பினால், நம்மைத் தெரியாத யாரோ ஒருவருக்கு இன்னொரு பெண்ணின் பெயர் போட்ட செய்தி போய்ச் சேரும். சம்மதம் தந்தவர் ஒருவர், வாங்குகிறவர் இன்னொருவர். வருடத்துக்கு ஒரு முறை புதிதாகக் கேட்டால் பட்டியலும் சுத்தமாகும். ஆம் என்று பதில் சொல்லாதவர்களை எடுத்துவிட வேண்டும், அங்கேயும் மௌனம் சம்மதம் இல்லை.

ஒருவர் நடுவில் "வேண்டாம்" என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அவருடைய விவரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டால், அடுத்த மாதம் வேறு யாரோ பழைய பட்டியலைக் கொண்டுவந்து சேர்க்கும்போது அவரும் திரும்ப வந்துவிடுவார். அதனால் "செய்தி அனுப்பக் கூடாத இலக்கங்கள்" என்று ஒரு சிறு பட்டியல் தனியாக வைக்க வேண்டும். அதில் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், இலக்கம் மட்டும் போதும். அனுப்புமுன் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் அதைத் தொடக் கூடாது.

சுருக்கமாக: ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு முடிவு நாள். காரியம் முடிந்ததும் அந்த இலக்கத்தை வைத்திருக்கும் காரணமும் முடிந்தது.

## வாட்ஸ்அப் குழு ஏன் தனிப் பெட்டி

பயிற்சி முடிந்த இரவே ஒரு தம்பி 60 இலக்கங்களையும் ஏற்றி ஒரு குழு திறந்துவிடுவார். நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் அந்த நொடியில் ஒவ்வொருவரின் இலக்கமும் மற்ற 59 பேருக்கும் போய்விட்டது. பிறகு குழுவைக் கலைத்தாலும் சேமித்து வைத்தவர்களிடமிருந்து அதைத் திரும்ப எடுக்க முடியாது. சங்கத்துக்குத் தந்த இலக்கத்தைச் சங்கம் 59 பேருக்குக் கொடுத்த கணக்கு. அதனால்தான் துண்டில் அதற்கு வேறு பெட்டி, "எல்லாருக்கும் தெரியும்" என்ற வரியோடு.

அறிவித்தல் மட்டும் அனுப்ப வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பில் broadcast list என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவருக்கு மற்றவர் இலக்கம் தெரியாது. உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும். இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். நான் அதை நல்லதாகவே பார்க்கிறேன், உங்கள் செய்தி வேண்டும் என்பவர்தான் உங்கள் இலக்கத்தைச் சேமிப்பார். பயிற்சியன்று பலகையில் சங்கத்தின் இலக்கத்தைப் பெரிதாக எழுதி, விரும்பினால் சேமித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் காரியம் முடிந்தது.

குழு நடத்தும் போன் யாருடையது என்பதையும் பாருங்கள். ஒருவரின் சொந்தப் போனில் 60 இலக்கமும் பதிந்திருந்தால், அவர் சங்கத்தை விட்டுப் போகும்போது பட்டியலும் அவரோடு போகிறது. சங்கத்துக்கென்று ஒரு சிம் இருந்தால் இந்தத் தலையிடி இல்லை.

## அழிப்பது என்றால் எங்கெல்லாம் அழிப்பது

ஜனவரி 31 வந்துவிட்டது. துண்டுகளை எரித்தாயிற்று, முடிந்ததா? பெரும்பாலும் முடியவில்லை. ஒரு இலக்கம் எங்கெல்லாம் போயிருக்கும் என்று அதன் பாதையில் நடந்து பார்க்க வேண்டும்.

யாராவது துண்டுகளைப் படம் எடுத்தார்களா? எடுத்தால் போனில் அழித்த பிறகும் Google Photos இன் குப்பைத்தொட்டியில் 60 நாள்வரை கிடக்கலாம், அங்கும் போய் அழிக்க வேண்டும். பதிவு Google Forms மூலம் என்றால், படிவத்தில் பதில்களை அழித்தாலும் அதோடு இணைத்த Google Sheets தாளில் அதே வரிகள் அப்படியே இருக்கும். இரண்டையும் தனித்தனியாக அழிக்க வேண்டும். அந்தத் தாளை Drive இல் அழித்தாலும் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். போனில் சேமித்த தொடர்புகள் கூகுள் கணக்குக்கும் போயிருக்கும். மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியிருந்தால் அனுப்பியவரின் பெட்டியிலும் வாங்கியவரின் பெட்டியிலும் ஒவ்வொரு பிரதி. அச்செடுக்கக் கொண்டுபோன போட்டோக்கொப்பிக் கடைக் கணினியில் இன்னொன்று, அதைக் கடையில் நிற்கும்போதே அழிக்கச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

இத்தனை இடம் தேடுவது சலிப்பான வேலை. அதனால் இலக்கம் வாங்கும் நாளிலேயே பிரதிகளைக் குறைப்பதுதான் சுகம். துண்டுகளிலிருந்து ஒருவர் ஒரே ஒரு கோப்பில் ஏற்றட்டும், மற்றவர்களுக்குப் பிரதி வேண்டாம். கோப்பின் பெயரிலேயே அழிக்கும் நாளை எழுதிவிடுங்கள்:

```
veettuthottam_kalladi_delete_2027-01-31.xlsx
```

அடுத்த பயிற்சிக்குச் சம்மதித்தவர்களின் வரிகள் மட்டும் வேறு கோப்புக்கு, அதற்குரிய நாளோடு. சம்மதத்தைக் காட்டும் அவர்களின் துண்டுகளையும் அந்த நாள்வரை வைத்திருக்க வேண்டும், யாராவது "நான் எப்போது சம்மதித்தேன்?" என்று கேட்டால் காட்டுவதற்கு. மற்றத் துண்டுகளைச் சிறிதாகக் கிழித்து எரிக்கலாம். இலக்கம் எழுதிய எந்தத் தாளையும் எடைக்குப் போடாதீர்கள்.

அழித்த அன்று சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்கள்: எந்தப் பயிற்சி, எத்தனை இலக்கம், எங்கெங்கே அழித்தது, யார் செய்தது, எந்தத் திகதி. அந்த வரியில் யாருடைய பெயரும் இலக்கமும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் செயலாளர் அதை வாசிக்கும்போது, தன் போனில் இன்னும் ஒரு படம் கிடப்பது யாராவது ஒருவருக்கு ஞாபகம் வரும்.